குழந்தையின் நெஞ்சில் ஒரு சத்தம்: எக்கோ எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்?

ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு நாள் காய்ச்சலுக்காக டாக்டரிடம் கூட்டிவந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தொண்டை சிவந்திருக்கிறது, நெஞ்சில் சளி இல்லை. ஸ்டெதாஸ்கோப்பை இடது மார்பில் வைத்த டாக்டர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் அங்கேயே வைத்திருக்கிறார். அம்மா அதைக் கவனித்துவிடுகிறார்.

"என்ன டாக்டர்?"

"லேசா ஒரு மர்மர் கேக்குதும்மா. பயப்பட ஒண்ணுமில்ல. காய்ச்சல் விட்டு ரெண்டு வாரம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க, திரும்பக் கேட்டுப் பாத்துடலாம்."

'பயப்பட ஒன்றுமில்லை' என்பது அம்மாவின் காதில் விழாது. வீட்டுக்குப் போவதற்குள் மர்மர் 'இதயத்தில் ஓட்டை' ஆகியிருக்கும். மறுநாள் காலை ஏதாவது ஒரு ஸ்கேன் சென்டரில் எக்கோவுக்கு டோக்கன் வாங்கியிருப்பார்கள்.

ஆரோக்கியமான இதயம் உள்ள குழந்தைகளில் பாதிப் பேருக்காவது, வளரும் வயதில் ஏதோ ஒரு சமயம் இப்படி ஒரு சத்தம் கேட்கும். பிறவி இதயக் கோளாறோ ஆயிரம் குழந்தைகளுக்கு எட்டு, ஒன்பது பேருக்குத்தான். ஆகவே மர்மர் கேட்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இதயத்தில் எந்தக் குறையும் இருக்காது. குறை உள்ள அந்தச் சிலரைப் பிரித்தெடுப்பதுதான் டாக்டரின் வேலை. அதில் பெரும்பகுதியை மெஷின் இல்லாமலே, பத்து நிமிடத்தில் செய்துவிடலாம். எப்படி என்பது பெற்றோருக்கும் தெரிந்திருப்பது நல்லது.

இதயத்தின் 'லப்', 'டப்' இரண்டும் வால்வுகள் மூடும்போது எழுபவை. ரத்தம் ஓடுவது பொதுவாகக் காதில் விழாது. ஓட்டம் வேகமானாலோ, வழி குறுகினாலோ, போகக் கூடாத வழியில் போனாலோ ரத்தம் சுழன்று அதிர்கிறது. அந்த அதிர்வுதான் மர்மர். குழந்தையின் மார்புச் சுவர் மெல்லியது; இதயம் ஸ்டெதாஸ்கோப்புக்கு வெகு அருகில் இருக்கிறது. காய்ச்சலில் இதயம் வேகமாகவும் பலமாகவும் துடிக்கும்போது, இயல்பான ஓட்டமே கேட்கத் தொடங்கிவிடுகிறது. ரத்தசோகையிலும் இதே கதைதான். ஹீமோகுளோபின் 7, 8 என்று இறங்கியிருக்கும் குழந்தைக்கு முதலில் ரத்தப் பரிசோதனையும் இரும்புச்சத்து மருந்தும் கொடுத்துப் பார்த்தால், சில வாரங்களில் மர்மரே காணாமல் போவதுண்டு.

இரண்டு வாரம் கழித்து சிறுமி வருகிறாள். காய்ச்சல் இல்லை, சத்தம் சற்றுக் குறைந்திருக்கிறது, ஆனால் இருக்கிறது. இப்போது டாக்டர் செய்வதைக் கவனியுங்கள். ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதற்கு முன்பே பாதிப் பரிசோதனை முடிந்துவிடுகிறது. எடையும் உயரமும் வயதுக்கேற்ப ஏறியிருக்கின்றனவா, உதடும் நாக்கும் நீலம் பாரித்திருக்கின்றனவா, மூச்சு வாங்குகிறதா, ஓடியாடும்போது மற்றக் குழந்தைகளுக்கு ஈடு கொடுக்கிறாளா, வீட்டில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று விசாரிக்கிறார். விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிறார். பிறகு வலது கையில் ஒரு விரலும் தொடை இடுக்கில் ஒரு விரலுமாக இரண்டு நாடியையும் ஒரே சமயத்தில் பிடிக்கிறார். கைநாடி துள்ளி, தொடைநாடி பலவீனமாகவோ தாமதமாகவோ இருந்தால் மகாதமனி ஓரிடத்தில் குறுகியிருக்கலாம். அரை நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனையை அவசரத்தில் விட்டுவிடுவதால், இக்கோளாறு வருடக்கணக்கில் தப்பித்துவிடுகிறது. என்னைக் கேட்டால், குழந்தையின் தொடைநாடியைப் பிடித்துப் பார்க்காத இதயப் பரிசோதனை முழுமையானதல்ல.

இதற்குப் பிறகுதான் காது. சிறுமி படுத்திருக்கிறாள். நெஞ்செலும்பின் இடது கீழ் ஓரத்தில், லப்புக்கும் டப்புக்கும் நடுவே, தம்பூராக் கம்பியை லேசாக மீட்டியது போன்ற இசைத்தன்மையுள்ள ஒரு சத்தம். குறுகியது, மென்மையானது. மர்மரின் பலத்தை டாக்டர்கள் ஆறு படிகளாகப் பிரிப்பார்கள். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் லெவின் 1933-இல் வகுத்த அளவு அது. முதல் படி, கூர்ந்து கேட்டால் மட்டும் தெரிவது. நான்காம் படியிலிருந்து மார்பில் கை வைத்தாலே அதிர்வு தெரியும். இவளுடையது இரண்டாம் படி.

"எழுந்து நில்லு கண்ணு" என்கிறார் டாக்டர். ஸ்டெதாஸ்கோப் அதே இடத்தில். சத்தம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. படுக்க வைத்தால் திரும்பி வருகிறது.

இதில்தான் சூட்சுமம். எழுந்து நின்றதும் ரத்தத்தில் ஒரு பகுதி கால்களில் தங்கிவிடுவதால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் அளவும் குறைகிறது. வெறும் ஓட்டத்தால் எழுந்த மர்மர் என்றால், ஓட்டம் குறையும்போது அதுவும் அடங்கத்தான் வேண்டும். இதயத் தசை தடித்து, ரத்தம் வெளியேறும் வழியை அடைக்கும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. விளையாட்டு வீரர்கள் மைதானத்தில் திடீரென்று சரிந்து விழும் செய்திகளில் அடிபடுவது இதுதான். அந்த நோயில் நேர்மாறாக நடக்கும். உள்ளே ரத்தம் குறைந்தால் இதய அறை சுருங்கி, அடைப்பு இன்னும் நெருக்கமாகும். நின்றால் மர்மர் கூடும். படுக்கையில் மட்டும் கேட்டுவிட்டு முடிவு சொல்பவர், இவ்விரண்டையும் பிரிக்கும் எளிய தடயத்தைத் தவறவிடுகிறார்.

சிறுமிக்குக் கேட்டது 'ஸ்டில்ஸ் மர்மர்'. இங்கிலாந்தின் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டில் 1909-இல் வெளிவந்த தமது நூலில் விவரித்தது. பெரும்பாலும் இரண்டு வயதுக்குமேல், பள்ளிக்குப் போகத் தொடங்கும் பருவத்தில் கேட்கும். விடலைப் பருவத்துக்குள் பலருக்குத் தானே மறைந்துவிடும். இதுபோலத் தீங்கற்ற வேறு சில சத்தங்களும் உண்டு. கழுத்து எலும்புக்குக் கீழே, லப்-டப் இரண்டையும் தாண்டித் தொடர்ச்சியாக ஒலிக்கும் 'ஹம்' ஒன்று கழுத்து ரத்தக்குழாயிலிருந்து வருவது. குழந்தையைப் படுக்க வைத்தாலோ, கழுத்தில் விரலால் மெல்ல அழுத்தினாலோ நின்றுவிடும். பிறந்த சில வாரங்களில் இரண்டு அக்குளிலும் முதுகிலும் கேட்கும் மெல்லிய மர்மர் இன்னொன்று. நுரையீரலுக்குப் போகும் குழாய்களின் கிளைகள் அந்த வயதில் சிறியவை, வளைவும் அதிகம். ஆறு மாதத்துக்குள் அவை வளர்ந்ததும் சத்தம் போய்விடும்.

இவை எல்லாம் மென்மையாகவே கேட்கும் என்பது உண்மை. மென்மையானது எல்லாம் தீங்கற்றது என்பது உண்மையல்ல. இரண்டு மேலறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஓட்டை இருக்கும் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அவளும் நன்றாக ஓடுகிறாள், வளர்கிறாள். இடது மேல் மார்பில் இரண்டாம் படி மர்மர், அவ்வளவுதான். ஓட்டை வழியாகப் போகும் ரத்தம் சத்தமே போடாது. இரண்டு மேலறைகளிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது காரணம். நமக்குக் கேட்பது, நுரையீரல் வால்வைத் தாண்டும் அதிகப்படி ரத்தத்தின் சத்தம். இதைப் பிடிக்க மர்மரை விட்டுவிட்டு 'டப்'பைக் கேட்க வேண்டும். டப் என்பது உண்மையில் இரண்டு வால்வுகள் அடுத்தடுத்து மூடுவது. மூச்சை இழுக்கும்போது இரண்டுக்கும் இடைவெளி விரியும், விடும்போது ஒன்றாகிவிடும். ஆரோக்கியமான குழந்தையிடம் இந்த ஏற்ற இறக்கம் தெளிவாகக் கேட்கும். மேலறைச் சுவரில் ஓட்டை இருந்தால் மூச்சை இழுத்தாலும் விட்டாலும் இடைவெளி மாறாமல் அப்படியே நிற்கும். அப்படிக் கேட்டால், குழந்தை எவ்வளவு ஆரோக்கியமாகத் தெரிந்தாலும் எக்கோ எடுத்தாக வேண்டும். இது தப்பிப்போனவர்களில் சிலருக்கு முப்பது, நாற்பது வயதில் மூச்சு வாங்கும்போதோ, கர்ப்பகாலப் பரிசோதனையிலோதான் தெரியவருகிறது. சிறு வயதிலேயே கண்டுபிடித்தால், ஓட்டையின் இடத்தையும் அளவையும் பொறுத்து, தொடை ரத்தக்குழாய் வழியாகவே ஒரு சாதனத்தைக் கொண்டுபோய் மூடிவிடும் வாய்ப்பு உண்டு.

கீழறைச் சுவரின் ஓட்டையோ, சத்தத்தை நம்பக் கூடாது என்று வேறொரு விதத்தில் கற்பிக்கிறது. பிறந்தவுடன் நுரையீரல் ரத்தக்குழாய்களின் இறுக்கம் இன்னும் தளர்ந்திருக்காது. இரண்டு கீழறைகளிலும் அழுத்தம் கிட்டத்தட்டச் சமமாக இருப்பதால், ஓட்டை இருந்தாலும் அதன் வழியே ரத்தம் பெரிதாகப் பாயாது, மர்மரும் இருக்காது. 'இதயம் நார்மல்' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அவர்கள் மேல் தவறில்லை. அடுத்த சில வாரங்களில் நுரையீரலின் இறுக்கம் தளரத் தளர, இடது அறையின் ரத்தம் வலது பக்கம் பாயத் தொடங்கும்.

ஓட்டை சிறியதாக இருந்தால், அழுத்தம் அதிகமுள்ள பக்கத்திலிருந்து குறுகலான வழியில் ரத்தம் பீறிடும். சத்தம் பலமாக, கரகரவென்று, கை வைத்தால் அதிரும் அளவுக்கு இருக்கும். குழந்தையோ கொழுகொழுவென்று வளரும். பிரான்சின் ஆன்றி ரோஜெர் 1879-லேயே இந்த முரணை எழுதிவைத்தார். தசைப் பகுதியில் உள்ள இத்தகைய சிறு ஓட்டைகளில் நிறைய, முதல் ஓரிரு ஆண்டுகளில் தாமாகவே மூடிக்கொள்கின்றன. எக்கோ ஒருமுறை எடுத்து இடத்தையும் அளவையும் உறுதி செய்ய வேண்டும், ஆனால் இரவோடு இரவாக ஓட வேண்டியதில்லை.

ஓட்டை பெரியதாக இருந்தால் ரத்தம் தடையில்லாமல் போவதால் மர்மர் மெல்லியதாகவே இருக்கலாம். அந்தக் குழந்தையைப் பால் குடிப்பதில்தான் அடையாளம் காண வேண்டும். ஆறு வாரக் குழந்தை, பிறந்தபோது 3 கிலோ, இப்போது 3.3 கிலோ. பிறந்த முதல் மாதங்களில் குழந்தை நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். முதல் வாரத்தில் கொஞ்சம் இறங்கினாலும் இந்நேரம் 4 கிலோவை நெருங்கியிருக்க வேண்டும். இரண்டு நிமிடம் குடித்து நிறுத்தி மூச்சு வாங்கித் திரும்பக் குடிக்கிறது. நெற்றியும் தலையும் வியர்வையில் நனைகின்றன. தூங்கும்போது எண்ணினால் நிமிடத்துக்கு 70 மூச்சு. டாக்டர் வயிற்றைத் தொட்டால் கல்லீரல் இறங்கித் தட்டுப்படுகிறது. "எப்பவுமே அரைகுறையாத்தான் குடிக்குதுங்க, பால் பத்தலையோன்னு பவுடர் பால் ஆரம்பிச்சிட்டோம்" என்று பாட்டி சொல்லும் வாக்கியத்துக்குப் பின்னால் இதய செயலிழப்பு ஒளிந்திருக்கலாம். இந்தக் குழந்தைக்கு மர்மர் எந்தப் படி என்பது முக்கியமே இல்லை, அன்றைக்கே எக்கோ வேண்டும்.

காய்ச்சல் மர்மரை உரக்கக் கேட்க வைக்கும் என்றேன். அதற்கு மறுபக்கமும் இருக்கிறது. நம் நாட்டில் ருமாட்டிக் காய்ச்சல் இன்னும் ஒழியவில்லை. ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள், தொண்டைவலி வந்து இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும், முழங்கால், கணுக்கால் என்று ஒவ்வொரு மூட்டாகத் தாவும் வீக்கமும் வந்து, அத்துடன் புதிதாக மர்மர் கேட்டால் அதை 'காய்ச்சல் மர்மர்' என்று விடக் கூடாது. இதய நுனியில் தொடங்கி இடது அக்குள் வரை பரவி, லப் முதல் டப் வரை விடாமல் ஊதுவது போலக் கேட்கும் அந்தச் சத்தம், மைட்ரல் வால்வு கசிவதைச் சொல்கிறது. சந்தேகம் எழுந்தாலே எக்கோ எடுக்க வேண்டும் என்பது 2015-இல் திருத்தப்பட்ட ஜோன்ஸ் அளவுகோலின் விதி; மர்மர் கேட்காவிட்டாலும் எடுக்கச் சொல்கிறது அது. கண்டுபிடித்தால் மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, வருடக்கணக்கில். ஏற்கெனவே வால்வுக் கோளாறு உள்ள குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வாரக்கணக்கில் நீடித்தால், வால்வில் கிருமி தொற்றியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஆக, எக்கோவுக்கு அனுப்ப வைக்கும் மர்மர்கள் எவை? டப்புக்குப் பிறகு, இதயம் விரியும் நேரத்தில் கேட்பது எதுவானாலும் எக்கோதான். கழுத்து ஹம் தவிர்த்த தொடர் சத்தங்களும் அப்படியே. மூன்றாம் படியோ அதற்கு மேற்பட்டதோ, கரகரப்பானது, லப்பிலிருந்து டப் வரை இடைவெளியே இல்லாமல் நீள்வது, நின்றால் கூடுவது, நடுவில் 'க்ளிக்' என்று ஒரு ஒலி சேர்வது, முதுகுக்கோ கழுத்துக்கோ பலமாகப் பரவுவது ஆகியவையும் இதில் சேரும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் இந்த வரம்பைத் தளர்த்திக்கொள்ள வேண்டும், பிறந்த முதல் வாரங்களில் இன்னும் தளர்வாக. ஆறு மாதக் குழந்தையை நிற்க வைத்துக் கேட்க முடியாது, அழுகையை அடக்கவும் முடியாது. சந்தேகமிருந்தால் அனுப்பிவிடுவதே புத்திசாலித்தனம். ஓடும்போது மயங்கி விழுந்த பிள்ளைக்கு மர்மர் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் அனுப்ப வேண்டும்.

நம் ஐந்து வயதுச் சிறுமியிடம் இவற்றில் ஒன்றும் இல்லை. எக்கோ தேவையில்லை. 2014-இல் அமெரிக்க இதயநோய் நிபுணர்கள், குழந்தை மருத்துவர்கள் அமைப்புகள் சேர்ந்து வகுத்த நெறிமுறையும், அறிகுறியோ குடும்ப வரலாறோ இல்லாத தீங்கற்ற மர்மருக்கு எக்கோ எடுப்பதை அரிதாகவே பொருத்தமானதாகக் கருதுகிறது. "எதுக்கும் ஒண்ணு எடுத்துட்டா நிம்மதிதானே, அதுல கதிர்வீச்சும் இல்லையே?" என்பார்கள். கதிர்வீச்சு இல்லைதான். நிம்மதி மட்டும் எப்போதும் கிடைப்பதில்லை. பெரியவர்களின் இதயத்தையே பார்த்துப் பழகிய இடத்தில் எடுத்த எக்கோவில், ஆரோக்கியமான வால்வின் துளிக் கசிவு 'லேசான கசிவு' என்று அறிக்கையில் ஏறும். கருவில் திறந்திருந்து பிறகு ஒட்ட வேண்டிய மேலறைச் சிறுதுவாரம், பெரியவர்களிலேயே நாலில் ஒருவருக்கு ஒட்டாமல் இருக்கிறது. அதுவும் 'ஓட்டை' என்று எழுதப்பட்டுவிட்டால் போதும். தவிர, இரண்டு வயதுக் குழந்தை அரைமணி நேரம் அசையாமல் படுத்திருக்காது. தூக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க நேரும்.

எக்கோ வேண்டும் என்று முடிவானால், குழந்தைகளின் இதயத்தில் பயிற்சி பெற்றவர் எடுப்பதுதான் முக்கியம், மெஷினின் விலை அல்ல. பிறவிக் கோளாறைத் தேட மகாதமனியின் வளைவையும், நுரையீரலிலிருந்து திரும்பும் நான்கு குழாய்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கான வழக்கமான எக்கோவில் அவ்வளவு தேடல் இருக்காது. அதற்குப் பதிலாக ஈசிஜியும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்து 'நார்மல்' என்று திருப்தியடைவதும் சரியல்ல. மேலறை ஓட்டையோ சிறிய கீழறை ஓட்டையோ இருந்தும் இரண்டும் நன்றாகவே வரலாம். அனுப்பும் சீட்டில் 'மர்மர், எக்கோ செய்யவும்' என்று மட்டும் எழுதாமல் எங்கே, எந்தப் படி, நின்றால் என்ன ஆகிறது, எடை, ஆக்சிஜன் அளவு, தொடைநாடி என்று நான்கு வரி எழுதினால் எக்கோ எடுப்பவர் எதைத் தேட வேண்டும் என்று தெரியும். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் போகின்றன. பிறவி இதயக் கோளாறும் ருமாட்டிக் இதயநோயும் அவர்கள் தேடும் பட்டியலில் உண்டு. அவர்கள் கையில் கிடைத்த சீட்டோடு மாவட்ட மையத்துக்குப் போனால் வழி திறக்கும்.

மர்மரே இல்லாத ஆபத்துகளும் உண்டு. இரண்டு பெரிய தமனிகளும் இடம் மாறிப் பிறந்த குழந்தை நீலமாக இருக்கும், ஆனால் நெஞ்சில் மர்மர் எதுவும் கேட்காமல் போகலாம். அதனால்தான் பிறந்து 24 மணி நேரம் கழித்து, வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிஜன் கிளிப் மாட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். இரண்டிலும் 95 சதவீதத்துக்குக் குறையாமல், இரண்டுக்கும் வித்தியாசம் 3-க்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். பிரசவ வார்டில் கேட்டு வாங்க வேண்டிய சோதனை இது. டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்த குழந்தைகளில் பாதிக்கு அருகில் இதயக் கோளாறு இருக்கும். அவர்களுக்கு மர்மர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் எக்கோ எடுத்துவிட வேண்டும்.

ஐந்து வயதுச் சிறுமியின் சீட்டில் டாக்டர் எழுத வேண்டியது ஒன்று பாக்கி. 1967-இல் பெர்க்மன், ஸ்டாம் என்ற இருவர் அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். 'இதயம் சரியில்லை' என்று முத்திரை விழுந்தவர்களில் பலருக்கு நோயே இல்லை. ஆனாலும் ஓடக் கூடாது, விளையாடக் கூடாது என்று அவர்களைக் கட்டிப்போட்டிருந்தார்கள். உண்மையான நோயால் முடங்கியவர்களைவிட, இல்லாத நோயால் முடங்கியவர்களே அதிகம் என்று அவர்கள் எழுதினார்கள். நம் ஊரில் பி.டி. பீரியடில் ஓரமாக உட்கார வைக்கப்படும் பிள்ளைகளில் இப்படி எத்தனை பேர் இருப்பார்களோ. ஆகவே சீட்டில் 'மர்மர் இருக்கிறது' என்பதோடு நிறுத்தாமல், 'தீங்கற்ற மர்மர், இதயம் இயல்பு, எல்லா விளையாட்டுக்கும் அனுமதி, பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாட்டிக் தேவையில்லை, இதற்கென மறுபரிசோதனை வேண்டாம்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அதன் நகல் ஒன்றைப் பள்ளியிலும் கொடுத்துவையுங்கள்.